பொறி விழும் இடத்தைப் பாருங்கள்
(கட்டிட வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒன்பது அறிவுரைகள்)

சைட்டுக்குப் புதிதாக வரும் சூப்பர்வைசர்களுக்கும் ஜூனியர் இன்ஜினியர்களுக்கும் இதை எழுதுகிறேன். உயரத்திலிருந்து விழுவது, மண் சரிவது, மின்சாரம் தாக்குவது பற்றியெல்லாம் முதல் வாரத்திலேயே யாராவது சொல்லித் தந்துவிடுவார்கள். தீயைப் பற்றி மட்டும் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். செங்கல்லும் சிமென்டும் கம்பியும் எரியாதே என்ற நினைப்புத்தான் காரணம். ஆனால் கட்டிக்கொண்டிருக்கும் கட்டிடத்தில் சவுக்குக் கம்பு, சென்ட்ரிங் பலகை, அதில் பூசிய ஆயில், தெர்மோகோல், காலிச் சாக்கு, பச்சை வலை, தார், தின்னர் என்று எரியக்கூடிய எல்லாமே இருக்கின்றன. தீயணைப்புக் குழாயில் மட்டும் இன்னும் தண்ணீர் வந்திருக்காது. மாடிப்படிக்கும் லிஃப்ட் குழிக்கும் கதவு போட்டிருக்க மாட்டார்கள். புகை தடையில்லாமல் மேலே ஏறும்.

சைட்டில் தீ பல நேரம் வேலை நடக்கும் இடத்தில் பிடிப்பதில்லை. அதற்குக் கீழேயோ சுவருக்கு அந்தப் பக்கமோ, சில சமயம் வேலை முடிந்து ஆள் போன பிறகோ பிடிக்கிறது. இனிச் சொல்லப்போகும் பலவும் இந்த ஓர் உண்மையிலிருந்து வருபவைதான்.

1. வெல்டரைப் பார்க்காதீர்கள், அவருக்குக் கீழே இருப்பதைப் பாருங்கள்.

2010 நவம்பர் 15 அன்று ஷாங்காய் நகரில் 28 மாடிக் குடியிருப்பு ஒன்று எரிந்து 58 பேர் இறந்தார்கள். அது பழைய கட்டிடம். வெளிச்சுவரில் வெப்பத்தடுப்பு ஃபோம் ஒட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. குடியிருந்தவர்கள் உள்ளேயே இருந்தார்கள், அவர்களில் பலர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். பத்தாவது மாடி உயரத்தில், உரிமம் இல்லாத வெல்டர்கள் சாரத்தில் நின்று வெல்டிங் செய்தார்கள். உருகிய இரும்புத் துளிகள் கீழே, ஒன்பதாவது மாடிச் சாரத் தட்டில் விழுந்தன. அந்தத் தட்டில் வெட்டிப்போட்ட பாலியூரிதேன் ஃபோம் துண்டும் தூளும் குவிந்து கிடந்தன. தூள் பற்றியது. அதிலிருந்து மூங்கில் தட்டு, நைலான் வலை, சுவரில் ஒட்டிய ஃபோம் என்று சில நிமிடங்களில் கட்டிடத்தைச் சுற்றித் தீ ஏறிவிட்டது. வேலை ஒருவரிடமிருந்து ஒருவருக்கு உள்குத்தகையாகக் கைமாறிப் போயிருந்ததும் விசாரணையில் வெளிவந்தது.

இதில் கவனியுங்கள். வெல்டிங் நடந்த இடத்தில் தீ பிடிக்கவில்லை. ஒரு மாடி கீழே கூட்டாமல் விட்ட குப்பையில் பிடித்தது. ஒரு துடைப்பமும் ஓர் ஆளும் பத்து நிமிடமும் இருந்திருந்தால் அந்தத் துளி வெறும் தட்டில் விழுந்து ஆறிப்போயிருக்கும்.

2. வேலை தொடங்கும் முன் பதினோரு மீட்டர் நடந்து பாருங்கள்.

வெல்டிங், கேஸ் கட்டிங், கிரைண்டர் வேலை எதுவானாலும், சுற்றிலும் 11 மீட்டருக்குள் எரியும் பொருள் இருக்கக் கூடாது என்பது பரவலாகக் கையாளும் கணக்கு. இது சமதளத்துக்கு மட்டும். உயரத்தில் வேலை செய்தால் துளி இன்னும் தூரம் போகும், காற்று அடித்தால் அதையும் தாண்டும். மூன்றில் கேஸ் கட்டிங்தான் மிகவும் ஆபத்தானது. வெல்டிங் பொறி சிறியது, சீக்கிரம் ஆறிவிடும். கட்டிங்கில் ஊதித் தள்ளப்படும் இரும்புக் கசடு கட்டியாக விழும், சூடு அதிக நேரம் தங்கும், தரையில் பட்டு நாலாபக்கமும் உருளும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஆறாவது மாடியில் லிஃப்ட் குழியின் ஓரத்தில் ஓர் இரும்புச் சட்டத்தை வெட்ட வேண்டும். முதலில் ஆறாவது மாடியைப் பார்க்காமல் குழியின் அடிக்குப் போங்கள். அங்கே பலகைத் துண்டு, சாக்கு, மிச்சத் தெர்மோகோல் எல்லாம் கிடக்கும். குழி என்றாலே குப்பைத்தொட்டி என்று நினைக்கும் பழக்கம் நம் எல்லா சைட்டிலும் இருக்கிறது. அதை வெளியே எடுத்துவிட்டுத் தரையில் தண்ணீர் தெளியுங்கள். பிறகு ஒவ்வொரு மாடியாக ஏறி, குழிக்கு முன்னால் பெயின்ட், தின்னர், அட்டைப்பெட்டி ஏதாவது வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஆறாவது மாடிக்கு வந்ததும் தரையில் பைப்புக்கு விட்டிருக்கும் துளைகளைத் தேடுங்கள். அவற்றைத் தகரம் வைத்து மூடி, மேலே மணல் கொட்டுங்கள். நகர்த்த முடியாத மரத்துக்குத் தீப்போர்வை போடுங்கள். ஈரச்சாக்கு போட்டால் அது காயும் முன் மறுபடி நனைக்க ஓர் ஆள் வேண்டும். காய்ந்த சாக்கு தானே எரிபொருளாகிவிடும். இவ்வளவும் முடிந்த பிறகு அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போடுங்கள். நடந்து பார்க்காமல் ஆபீஸ் அறையில் உட்கார்ந்து போட்ட கையெழுத்து யாரையும் காப்பாற்றாது.

சிலிண்டர்களை நிற்க வைத்துச் சங்கிலி போட்டுக் கட்டுங்கள். அசிட்டிலின் சிலிண்டரைப் படுக்கவைத்து வேலை செய்யக் கூடாது. ஆக்சிஜன் வால்வில் எண்ணெயோ கிரீஸோ படவே கூடாது. அழுத்தமான ஆக்சிஜனில் எண்ணெய் தானாகவே பற்றிக்கொள்ளும்.

3. வேலை முடிந்த பிறகு ஒரு மணி நேரம் ஆள் நிற்க வேண்டும்.

சாக்கு, பஞ்சு, மரத்தூள், கயிறு இவற்றில் பொறி விழுந்தால் உடனே ஜ்வாலை வராது. உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருக்கும். வெல்டர் மிஷினை நிறுத்திச் சாப்பிடப் போன பிறகுதான் அது வெளியே வரும். அதனால்தான் சாப்பாட்டு நேரமும் வேலை விடும் நேரமும் சைட்டில் அபாயமான நேரங்கள். முன்பெல்லாம் அரை மணி நேரக் காவல் போதும் என்றார்கள். இப்போது ஒரு மணி நேரம் என்பதே பரவலாக ஏற்கப்பட்ட முறை. எளிதான வழி: வேலை விடும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே வெல்டிங்கை நிறுத்திவிடுங்கள். காவலாளும் மற்றவர்களோடு வீட்டுக்குப் போகலாம்.

காவலாள் வெல்டிங் நடந்த மாடியில் மட்டும் நின்றால் போதாது. கீழ் மாடி, சுவரின் மறுபக்கம், பொய்க்கூரைக்கு உள்ளே எல்லாம் போய்ப் பார்க்க வேண்டும். கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத் தெரியும், கருகிய துணி வாசனையை யாரும் தவறவிட மாட்டார்கள். பலகைக்கும் சுவருக்கும் புறங்கையை அருகே கொண்டுபோனால் சூடு தெரியும்.

விரிவு இணைப்புகளில், அதாவது கட்டிடத்தின் இரண்டு பகுதிகளுக்கு நடுவில் விடும் இடைவெளிகளில், இரட்டிப்புக் கவனம் வேண்டும். அதற்குள் தெர்மோகோலோ தார் ஊறிய அட்டையோ அடைத்திருப்பார்கள். 1996 ஏப்ரல் 11 அன்று ஜெர்மனியின் டியூசல்டார்ஃப் விமான நிலையத்தில், மேலே செல்லும் சாலையின் விரிவு இணைப்பில் வெல்டிங் செய்தபோது உருகிய துளிகள் இடைவெளி வழியாக இறங்கி, கீழ்க் கட்டிடத்தின் கூரைக்குள் இருந்த தெர்மோகோல் வகை அடைப்பில் பிடித்தன. வெல்டர் நின்றது திறந்த வெளியில். 17 பேரைப் பலிகொண்ட தீ பிடித்தது அவருக்குக் கீழே இருந்த கட்டிடத்துக்குள்.

4. சாரத்தில் முதலில் எரிவது கயிறு.

இரும்புப் பைப் சாரம் பெருகிவிட்டாலும், பூச்சு வேலைக்குச் சவுக்குக் கம்பும் தென்னங்கயிறும் இன்றும் நம் ஊரில் உண்டு. பருத்த சவுக்குக் கம்பு சட்டென்று பற்றாது; கருகிக் கருகித்தான் எரியும். ஆனால் தென்னங்கயிறு காய்ந்திருந்தால் ஒரு பொறி போதும். நைலான் கயிறு எரியும் முன்பே உருகி அவிழும். முடிச்சு போனால் கம்பு எரியாமலேயே சாரம் மொத்தமும் மேலே நிற்பவர்களோடு சரியும். ஆகவே சாரத்தில் தீ என்றால் முதல் வேலை அணைப்பது அல்ல, ஆட்களை இறக்குவது. ஓர் ஏணி மட்டும் இருந்து அது தீயின் பக்கம் அமைந்துவிட்டால் இறங்க வழியில்லை. நீளமான சாரத்துக்கு இரண்டு முனையிலும் ஏணியும், ஒவ்வொரு மாடியிலும் கட்டிடத்துக்குள் குதிக்காமல் கால்வைத்துப் போகும் வழியும் வேண்டும்.

பச்சை வலையை வாங்கும்போது தீத்தடுப்பு வலைதானா என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். ஒரு சாண் துண்டை வெட்டி, திறந்த இடத்தில் இடுக்கியில் பிடித்து நெருப்புக் காட்டுங்கள். நெருப்பை எடுத்ததும் அணைந்தால் நல்லது. எரிந்துகொண்டே சொட்டினால் திருப்பி அனுப்புங்கள். அந்தச் சொட்டுத்தான் கீழ் மாடிக்குத் தீயைக் கொண்டுபோகும். 2025 நவம்பர் 26 அன்று ஹாங்காங்கின் தை போ பகுதியில் பழுதுபார்ப்பு நடந்துகொண்டிருந்த வாங் ஃபுக் கோர்ட் குடியிருப்பில், மூங்கில் சாரமும் வலையும் ஜன்னல்களை மூடியிருந்த ஃபோம் பலகைகளும் சேர்ந்து எரிந்ததில் எட்டுக் கோபுரங்களில் ஏழு தீக்கிரையாகி 150-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே கட்டியிருந்த வலைகளில் சில தீத்தடுப்புத் தரத்தில் தேறவில்லை என்று சோதனையில் தெரிந்தது.

சாரத் தட்டுகளைத் தினமும் கூட்டச் சொல்லுங்கள். கழற்றிய சென்ட்ரிங் பலகையை மாடிப்படிக்கு அடியில் அடுக்க விடாதீர்கள். அவற்றில் பழைய இன்ஜின் ஆயில் ஊறியிருக்கும். படிக்கு அடியில் அது எரிந்தால் மேலே இருப்பவர்கள் இறங்க வழியே இல்லை.

5. தார் டிரம்மில் ஈரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

தார் காய்ச்சும்போது வரும் விபத்துகளில் பல தாரால் வருவதில்லை, அதற்குள் போன தண்ணீரால் வருகின்றன. மழையில் திறந்து கிடந்த டிரம்மின் அடியில் தண்ணீர் தங்கியிருக்கும். மேலே தார் உருகிக் கனமாக மூடியிருக்க, அடியில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியதும் ஆவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் ஏறத்தாழ 1,700 லிட்டர் ஆவியாக விரியும். அந்த ஆவி தாரை நுரையாகத் தூக்கி டிரம்முக்கு வெளியே தள்ளும். வெளியே இருப்பதோ விறகு அடுப்பு. வழிந்த தார் அதில் விழுந்ததும் டிரம்மையும் சேர்த்து எரிக்கும்.

இது முன்னறிவிப்பு இல்லாமல் வருவதில்லை. தாருக்குள்ளிருந்து சடசடவென்ற சத்தம் கேட்கும். மேற்பரப்பில் சிறு குமிழிகள் வந்து நுரை கட்டும். அந்தச் சத்தம் கேட்டதும் விறகை வெளியே இழுத்துவிட வேண்டும். நுரை பொங்கும் என்பதால்தான் டிரம்மில் முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்பக் கூடாது, தொடக்கத்தில் சிறு தீயில் மெதுவாகச் சூடேற்ற வேண்டும், காய்ந்த தாருக்குள் ஈரக் கட்டியையோ ஈர வாளியையோ விடக் கூடாது.

அடுத்தது அளவுக்கு மீறிய சூடு. தார் வேலைக்கு 160 முதல் 180 டிகிரி போதும். சாலைக்குப் போடும் தாரே 220 டிகிரிக்குக் குறையாத சூட்டில்தான் பற்றும் ஆவியை விட வேண்டும் என்பது இந்தியத் தரக்கணக்கு. அதாவது வேலைச் சூட்டுக்கும் தீப்பற்றும் சூட்டுக்கும் நடுவில் சுமார் 40 டிகிரி இடைவெளிதான். இளகவில்லை என்று அவசரத்தில் இன்னும் இரண்டு கட்டை விறகு செருகினால் அந்த இடைவெளி போய்விடும். தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். மேலே மஞ்சள் பாய்ந்த புகை அடர்த்தியாக எழுந்தால் சூடு எல்லை மீறுகிறது என்று பொருள்.

அடுப்பு மண் தரையில், கட்டிடத்திலிருந்தும் சாரத்திலிருந்தும் தள்ளி, காற்று எதிர்ப்பக்கம் போகும் இடத்தில் இருக்கட்டும். மொட்டைமாடியில் விறகு அடுப்பு வைக்கவே கூடாது. அடுப்பு எரியும்வரை ஓர் ஆள் பக்கத்தை விட்டு நகரக் கூடாது, டீ குடிக்கக்கூட.

6. தார் பற்றிக்கொண்டால் மூடியைத் தேடுங்கள், தண்ணீரைத் தேடாதீர்கள்.

எரியும் தாரில் தண்ணீர் ஊற்றுவதும் ஈரத் தாரைக் காய்ச்சுவதும் ஒன்றுதான். ஆவி தாரைச் சிதறடித்து, ஒரு டிரம் தீயைப் பத்து இடத்துத் தீயாக்கிவிடும். தார் காய்ச்சத் தொடங்கும் முன்பே டிரம்மின் வாயைவிடப் பெரிய தகர மூடி ஒன்றை, நீளமான கைப்பிடியோடு, எட்டிப் பிடிக்கும் தூரத்தில் வையுங்கள். தீ பிடித்தால் விறகை இழுத்து, பக்கவாட்டிலிருந்து மூடியைச் சரித்து மூடுங்கள். மூடியை உடனே திறந்து பார்க்காதீர்கள். காற்று பட்டால் மறுபடி பற்றும். ஆறும்வரை அப்படியே விடுங்கள். வழிந்த தாருக்கு உலர்ந்த மணல். எரியும் டிரம்மை நகர்த்தவோ கவிழ்க்கவோ கூடாது.

தார் ஒருவர் மேல் தெறித்தால் அதைப் பிய்க்காதீர்கள். தோலும் சேர்ந்து வரும். ஓடும் சுத்தமான தண்ணீரில் இருபது நிமிடம் காட்டி, ஒட்டிய தாரோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கும் பழக்கத்தைக் கண்டால் தடுத்து நிறுத்துங்கள். தார் வேலை செய்பவர் முழுக்கைச் சட்டை, தோல் கையுறை, மூடிய ஷூ போட்டிருக்க வேண்டும். நைலான் துணி உடம்பில் உருகி ஒட்டிக்கொள்ளும்.

7. தார் ஷீட் ஒட்டும் டார்ச்சை வெயிலில் நம்பாதீர்கள்.

இப்போது மொட்டைமாடி நீர்க்கசிவுக்குக் காய்ச்சிய தாரைவிட டார்ச் வைத்து ஒட்டும் தார் ஷீட்டே அதிகம். இதில் இரண்டு விஷயம். முதலில், ஷீட்டுக்கு அடியில் பூசும் பிரைமரில் சீக்கிரம் ஆவியாகும் கரைப்பான் இருக்கும். பூசிய உடனே டார்ச் கொண்டுபோனால் தரை முழுவதும் ஒரே வீச்சில் பற்றும். விரலால் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகே நெருப்பு. தண்ணீர்த்தொட்டிக்குள்ளோ காற்றோட்டம் இல்லாத அறைக்குள்ளோ இந்தப் பிரைமர் பூசும்போது டார்ச், பீடி, சாதாரண பல்பு எதுவும் அருகில் வரக் கூடாது.

இரண்டாவது, உச்சிவெயிலில் கேஸ் டார்ச்சின் நீல ஜ்வாலை கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்துச் சுருட்டிய ஷீட்டுக்கு அருகே கீழே வைப்பார்கள். டார்ச் வைக்க ஓர் இரும்பு ஸ்டாண்டு கொடுங்கள். நகரும்போது வால்வை மூடச் சொல்லுங்கள். சிலிண்டர் ஜ்வாலையிலிருந்து குறைந்தது மூன்று மீட்டர் தள்ளி நிற்கட்டும். ஷீட்டைச் சுவரோரம் மடித்து ஒட்டும் இடங்களில் மரச்சட்டம், தெர்மோகோல், பறவைக் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். டார்ச் அணைந்த பிறகு ஒரு மணி நேரக் காவல் இங்கேயும் உண்டு.

8. லேபர் ஷெட்டில் அடுப்பும் படுக்கையும் ஒரே கூரைக்குள் இருக்கக் கூடாது.

தொழிலாளர்களுக்குத் தங்குமிடத்தை இலவசமாகத் தர வேண்டும், அதில் சமைக்கத் தனி இடம் இருக்க வேண்டும் என்று கட்டிடத் தொழிலாளர்களுக்கான சட்டம் 1996-லேயே சொல்லிவிட்டது. ஆனாலும் பழைய பிளைவுட், தார்ப்பாய், கீற்று வைத்து வரிசையாகக் கட்டிய ஷெட்டில், பாய்க்கு ஒரு முழம் தள்ளி ஐந்து கிலோ சிலிண்டரும் அடுப்பும் இருப்பதைப் பல சைட்டில் காணலாம். கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு பரவித் தூங்குபவரின் பாய்க்கு வரும். கேஸ் வாசனை வந்தால் கதவைத் திறந்து ஆட்களை வெளியேற்ற வேண்டும். சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. சமையலுக்குத் தகரம் வேய்ந்த தனிக் கொட்டகை கட்டிக் கொடுத்தால் இந்தக் கவலையில் பாதி போகும்.

ஷெட்டுகளை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டாமல் சில ஷெட்டுக்கு ஓர் இடைவெளி விடுங்கள். கட்டிடத்தையும் மரக்கிடங்கையும் விட்டுத் தள்ளி அமையுங்கள். ஒவ்வொரு ஷெட்டுக்கும் வெளிப்பக்கம் திறக்கும் கதவும் இன்னொரு வழியும் வேண்டும். திருட்டுப் பயத்தில் இரவில் வெளியே பூட்டுப் போடும் கான்ட்ராக்டரை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். பெயின்ட், தின்னர், டீசல், தார் எதையும் ஷெட்டில் வைக்க விடாதீர்கள். இரவு ஒன்பது மணிக்கு ஒரு முறை போய்ப் பாருங்கள். ஒரே பிளக்கில் எத்தனை செல்போன் சார்ஜர், ஒயர் எங்கே உரிந்திருக்கிறது, கொசுவர்த்தி எதன்மேல் வைத்திருக்கிறது என்பதெல்லாம் பகலில் தெரியாது.

9. கேட்பவருக்குப் புரியும் மொழியில் கத்தக் கற்றுக்கொடுங்கள்.

இன்று நம் சைட்டுகளில் பிஹார், ஒடிசா, வங்காளம், அசாம் என்று பல ஊர்க்காரர்கள் வேலை செய்கிறார்கள். "தீ! ஓடு!" என்று தமிழில் கத்தினால் பாதிப் பேர் நின்று பார்ப்பார்கள். எல்லோருக்கும் புரிவது மணி அல்லது விசில். ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டு, அது விடாமல் அடித்தால் எல்லோரும் கேட்டுக்கு வர வேண்டும் என்று முதல் நாளே சொல்லுங்கள். மாதம் ஒரு முறை அடித்துப் பாருங்கள். வருகைப் பதிவை எடுத்துக்கொண்டு கேட்டில் நின்று எண்ணுங்கள். எண்ணிக்கை குறைந்தால் யாரைத் தேட வேண்டும் என்று தீயணைப்பு வீரருக்குச் சொல்ல உங்களால்தான் முடியும். அவர்களை 101-இல் அழைப்பது முதல் நிமிடத்திலேயே நடக்கட்டும். நாமே அணைத்துப் பார்த்துவிட்டு அழைக்கலாம் என்று காத்திருக்காதீர்கள்.

தீயணைப்பான் சிலிண்டரைப் புதியவர்கள் பெரிதாக நம்புகிறார்கள். கையில் தூக்கும் பவுடர் சிலிண்டர் ஒன்று அரை நிமிடம்கூட வராது. பின்னை இழுத்து, தீயின் அடியைப் பார்த்து அடித்து, அதற்குள் அடங்காவிட்டால் வெளியேற வேண்டியதுதான். வெளியேறும் வழி எப்போதும் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். சிலிண்டர் ஸ்டோர் ரூமில் பூட்டிக் கிடந்தால் பயனில்லை. வெல்டிங் எந்த மாடியில் நடக்கிறதோ அந்த மாடியிலும், அதற்குக் கீழ் மாடியிலும் ஒவ்வொன்று இருக்க வேண்டும்.

கடைசியாக உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வெல்டிங் வேலைக்கு ஆள் கேட்கும்போது எப்போதும் இரண்டு பேராகக் கேளுங்கள்: மேலே வேலை செய்ய ஒருவர், கீழே வாளியும் சிலிண்டருமாக நிற்க ஒருவர். அந்த இரண்டாவது ஆளின் கூலி வீண்செலவு என்று முதலாளி சொல்வார், மேஸ்திரி சொல்வார், வெல்டரே சொல்வார். யார் சொன்னாலும் அந்த ஆள் வந்து நிற்கும்வரை மிஷினுக்குக் கரண்ட் கொடுக்காதீர்கள்.